மூன்று பேர் செய்யும் திட்டத்தில் எந்த ஆவணத்தை விடலாம், எதை விடக்கூடாது

திட்ட மேலாண்மைப் பயிற்சியை முடித்து வருபவர் கையோடு ஒரு கோப்புறை நிறைய வார்ப்புருக்களையும் கொண்டுவருவார். பிரின்ஸ்2 என்ற திட்ட மேலாண்மை முறையின் 2017 பதிப்பு மட்டுமே 26 மேலாண்மை ஆவணங்களைப் பட்டியலிடுகிறது. மூன்று பேர் எட்டு வாரத்தில் முடிக்க வேண்டிய வேலையில் அத்தனையையும் நிரப்பப் புகுந்தால், நிரல் எழுத ஆளிருக்காது. அதனால் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள சிறு மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் சாய்கின்றன. "சின்ன வேலைதானே, வாட்ஸ்அப்பில் பேசிக்கலாம்" என்று எல்லாவற்றையும் விட்டுவிடுகின்றன.

இந்த இரண்டாவது முடிவு பாதி சரி. சிறிய திட்டம் நிறைய ஆவணங்களை விடலாம், விடத்தான் வேண்டும். பிரின்ஸ்2 முறையே திட்டத்துக்கு ஏற்ப முறையைத் தைத்துக்கொள்வதைத் தன் ஏழு கோட்பாடுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. சிக்கல் "சின்ன வேலை" என்ற காரணத்தில் இருக்கிறது. திட்டத்தின் அளவு வேறு, அதன் இடர் வேறு. அளவைப் பார்த்து விடக்கூடிய ஆவணங்கள் ஒரு வகை, இடரைப் பார்த்து விடக்கூடியவை இன்னொரு வகை. இரண்டையும் ஒரே தராசில் போடும்போதுதான் விடக்கூடாதது விடுபட்டுப் போகிறது.

இதை முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்களில் ஒருவர் மென்பொருள் வல்லுநர் அலிஸ்டர் காக்பர்ன். 1990களில் அவர் உருவாக்கிய கிரிஸ்டல் என்ற முறைக் குடும்பத்தில் இரண்டு அச்சுகள் உண்டு. ஒன்றில் குழுவின் ஆள் எண்ணிக்கை. மற்றொன்றில், மென்பொருள் தவறினால் என்ன போகும் என்ற கேள்வி: வெறும் சௌகரியமா, போனாலும் சமாளிக்கக்கூடிய பணமா, தொழிலையே ஆட்டிவிடும் பணமா, உயிரா? ஆள் கூடக்கூடத் தகவல் பரிமாற்றத்துக்கான ஏற்பாடுகள் கூட வேண்டும். போகக்கூடியது பெரிதாகப் பெரிதாகச் சரிபார்ப்பு கூட வேண்டும்.

ஆள் எண்ணிக்கை ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மூன்று பேருக்கு இடையே பேச்சுத் தடங்கள் 3. ஆறு பேருக்கு 15. பன்னிரண்டு பேருக்கு 66. தகவல் தொடர்புத் திட்டம், வாராந்தர நிலை அறிக்கை, பொறுப்புப் பகிர்வு அட்டவணை எல்லாம் அந்த 66 தடங்களில் செய்தி தொலைந்துபோகாமல் இருக்கப் பிறந்தவை. மூன்று தடங்கள் மட்டுமே இருக்கும் அறையில் அவற்றுக்கு வேலை இல்லை. ஆனால் சோதனைப் பட்டியல், நடைமுறைக்கு மாறும் நாளின் திட்டம், ஒப்புதல் பதிவு ஆகியவை வேறு காரணத்துக்காகப் பிறந்தவை. அவை தவறைப் பிடிக்க இருப்பவை. குழு சிறியது என்பதால் தவறின் விளைவு சிறிதாகிவிடுவதில்லை.

ஒரு திட்டத்தை எடுத்து இதைப் போட்டுப் பார்ப்போம். ஜார்ஜ்டவுன் லெபோ பாசார் பக்கம் மசாலாப் பொருள்களை மொத்த வியாபாரம் செய்யும் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விற்பனை 50 லட்சம் ரிங்கிட்டுக்கும் 2.5 கோடி ரிங்கிட்டுக்கும் இடையில். மிளகாயும் மல்லியும் சீரகமும் இந்தியாவிலிருந்து வருகின்றன. கடையில் ஏற்கெனவே ஒரு பில் போடும் மென்பொருள் ஓடுகிறது. பில்களை மின்னணு வடிவில் தனக்கு அனுப்பி ஒப்புதல் பெறச் சொல்லும் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் விதி இந்த அளவு வியாபாரத்துக்கு 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. கடையின் மென்பொருளை வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்போடு இணைக்க வேண்டும். மூன்று பேர், எட்டு வாரம். வாடிக்கையாளர் பக்கம் முதலாளி ஒருவர், கணக்கு பார்க்கும் அக்கா ஒருவர்.

அளவில் இதைவிடச் சிறிய திட்டம் கிடைப்பது கடினம். இடரைப் பாருங்கள். இ-இன்வாய்ஸ் விதியை மீறினால் வருமான வரிச் சட்டத்தின்படி ஒவ்வொரு மீறலுக்கும் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாரியம் ஒரு பில்லை ஏற்று உறுதிசெய்த பிறகு அதை ரத்து செய்ய 72 மணி நேரம்தான் உண்டு. அதைத் தாண்டினால் வரவுக் குறிப்போ பற்றுக் குறிப்போ போட்டுத்தான் சரிசெய்ய முடியும். காக்பர்னின் அளவுகோலில் இது மூன்று பேர் குழு, ஆனால் போகக்கூடியது கடையைத் தாக்கும் பணம்.

இடரின் இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் எடை போட வேண்டும். வாரியம் இந்தக் கட்டத்துக்கு முதல் ஆறு மாதம், அதாவது 2025 டிசம்பர் வரை, சலுகைக் காலம் தந்தது. அந்தக் காலத்தில் மாத விற்பனையைத் திரட்டி ஒருங்கிணைந்த பில்லாக அனுப்பினாலும் நடவடிக்கை இருக்கவில்லை. வாரியத்தின் வலைத்தளத்திலேயே கையால் பில் பதியும் வழியும் இலவசமாக உண்டு. ஆகவே, தேதி ஒரு வாரம் தள்ளிப்போனால் கடை மூழ்கிவிடாது. தவறான பில்கள் நூற்றுக்கணக்கில் உறுதியாகி, 72 மணி நேரமும் கடந்துவிட்டால் அதுதான் பெரிய இழப்பு. இந்த ஒரு முடிவு எந்த ஆவணத்தில் உழைப்பைக் கொட்ட வேண்டும் என்பதையே மாற்றிவிடுகிறது. இங்கே கால அட்டவணை மெலியலாம், சோதனைப் பட்டியல் மெலியக்கூடாது.

முதலில் விடக்கூடியவற்றைப் பார்க்கலாம். தகவல் தொடர்புத் திட்டம் வேண்டாம். யார் யாருக்கு அழைக்க வேண்டும் என்பது ஐந்து பேருக்கும் தெரியும். வேலைப் பகுப்பு வரைபடமும் நாள்வாரிப் பட்டை அட்டவணையும் வேண்டாம். சுவரில் ஒரு வேலைப் பட்டியலும் மூன்று தேதிகளும் போதும்: சோதனைச் சூழலில் முதல் பில் போகும் நாள், அக்கா சோதனையைத் தொடங்கும் நாள், உண்மைச் சூழலுக்கு மாறும் நாள். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் தினசரி நின்றபடி நடத்தும் கூட்டமும் வேண்டாம். மூவரில் ஒருவர் கோலாலம்பூரிலிருந்து வேலை செய்தால் அந்தப் பத்து நிமிட அழைப்பை வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஆள் எண்ணிக்கை மாறவில்லை, இடைவெளி மாறிவிட்டது.

வணிகக் காரண ஆவணம் பத்துப் பக்கம் எழுதத் தேவையில்லை, சட்டமே காரணம். ஆனாலும் ஒரு வரி எழுதி வைக்கச் சொல்வேன்: "எந்த விற்பனை அளவின் அடிப்படையில், எந்தத் தேதிக்குள், எந்த அறிவிப்பின்படி." இ-இன்வாய்ஸ் தேதிகளும் வரம்புகளும் ஒருமுறைக்கு மேல் மாற்றப்பட்டன. சிறு வியாபாரங்களுக்கான கட்டங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அந்த ஒரு வரி இருந்தால், அறிவிப்பு மாறும் அன்று திட்டத்தின் அடிப்படை இன்னும் நிற்கிறதா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பெரிய திட்டங்களில் வணிகக் காரணத்தைக் கட்டத்துக்குக் கட்டம் மறுபரிசீலனை செய்வதன் நோக்கமும் இதுதான்.

வழிநடத்தும் குழுக் கூட்டத்தையும் விடலாம். அந்தக் கூட்டம் செய்யும் வேலையை விட முடியாது. பணம் போடுபவர் முடிவெடுப்பதும், செய்பவர் தனக்குத் தானே ஒப்புதல் கொடுத்துக்கொள்ளாமல் இருப்பதும்தான் அந்த வேலை. பிரின்ஸ்2 சிறிய திட்டங்களுக்குப் பல பொறுப்புகளை ஒருவரிடமே சேர்க்க இடம் கொடுக்கிறது. திட்ட மேலாளரே குழுத் தலைவராகவும் இருக்கலாம். பணம் போடுபவரே பயன்படுத்துவோரின் பிரதிநிதியாகவும் இருக்கலாம். திட்ட மேலாளரும் பணத்துக்குப் பொறுப்பானவரும் ஒரே ஆளாக இருப்பதை மட்டும் அது ஏற்பதில்லை. நம் கடையில் இது எப்படி வரும்? வாரம் ஒருமுறை குழுத் தலைவர் கடைக்குப் போகிறார். முதலாளி அரை மணி நேரம் உட்கார்ந்து, ஓடுவதைக் கண்ணால் பார்த்து, நிலுவையில் உள்ள கேள்விகளுக்கு முடிவு சொல்கிறார். முடிவுகள் அங்கேயே ஒரே கோப்பில் வரி வரியாக ஏறுகின்றன. தனி நிலை அறிக்கையோ கூட்டக் குறிப்போ கிடையாது.

அந்தக் கோப்பை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் முடிவெடுப்பதில் தவறில்லை, நம் ஊரில் வேலை அப்படித்தான் நடக்கிறது. அங்கே எடுத்த முடிவு அங்கேயே கிடந்தால், ஆறாவது வாரத்தில் "ரசீதின் வடிவத்தை மாற்றச் சொன்னது யார், அதற்குக் கூடுதல் பணம் உண்டா" என்ற கேள்விக்கு மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். வாரக் கடைசியில் அந்த வார முடிவுகளைக் கோப்புக்கு மாற்றி, மாற்றத்தால் கூடும் நாளையும் பணத்தையும் பக்கத்தில் எழுதி, முதலாளியிடம் "சரி" வாங்கினால் மாற்றப் பதிவேடு என்ற தனி ஆவணம் தேவையில்லை.

இனி விடக்கூடாத பக்கம். முதலாவது, வேலையின் எல்லையைச் சொல்லும் ஒரு பக்கம். அதிலும் எதைச் செய்யப்போவதில்லை என்ற பகுதி. இந்தக் கடை இந்தியாவிலிருந்து சரக்கு வாங்குகிறது. வெளிநாட்டு விற்பனையாளர் மைஇன்வாய்ஸில் பில் போடமாட்டார். ஆகவே வாங்குபவரான கடையே அந்தக் கொள்முதலுக்கு பில் போட வேண்டும். இதைச் சுயப் பில் என்று சொல்லலாம். "விற்பனை பில்களை வாரியத்தோடு இணைத்தல்" என்று மட்டும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், குழு விற்பனையோடு நிறுத்திவிடும். முதலாளியோ "இ-இன்வாய்ஸ் எல்லாம் முடிந்தது" என்று நினைப்பார். இருவருமே நேர்மையாகத்தான் நடந்திருப்பார்கள். எல்லைப் பக்கத்தில் "சுயப் பில் உண்டு" அல்லது "சுயப் பில் இந்த வேலையில் இல்லை, அதை அக்கா வாரியத்தின் வலைத்தளத்தில் கையால் பதிவார்" என்று ஒரு வரி இருந்தால் முதல் வாரத்திலேயே விலை பேசப்பட்டிருக்கும். குழுவுக்கு வெளியே இருப்பவர் ஒரு சொல்லைத் தனக்குத் தெரிந்த பொருளில் எடுத்துக்கொள்ளும் இடத்தில் எல்லாம் எழுத்து வேண்டும், குழு எவ்வளவு சிறியதாக இருந்தாலும்.

இரண்டாவது, சோதனைப் பட்டியல். இந்தத் திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அதனால் பெரிய நிறுவன வார்ப்புரு கேட்பதைவிட இங்கே அதிகம் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. சோதனை உத்தி, சோதனைச் சூழல் விவரம் என்ற முன்னுரைகளைத் தூக்கிவிட்டு, பில் வகைகளை மட்டும் எழுதுங்கள். அதையும் நிரலாளர் தனியாக எழுதக்கூடாது, கணக்கு அக்காவோடு உட்கார்ந்து எழுத வேண்டும். ஏனென்றால் எந்த மாதிரி பில்லெல்லாம் கடையில் வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

"தம்பி, கடைக்கு நேரா வந்து வாங்கிட்டுப் போறவங்க பாதிப் பேர் வரி நம்பர் குடுக்க மாட்டாங்களே. அந்த பில்லெல்லாம் எப்படிப் போகும்?" என்று அவர் கேட்பார். அந்த ஒரு கேள்வியிலிருந்து சோதனைப் பட்டியலில் ஒரு முழுப் பகுதி பிறக்கும்: அப்படிப்பட்ட விற்பனையை மாதக் கடைசியில் திரட்டி, அடுத்த ஏழு நாளுக்குள், பொதுமக்களுக்கான `EI00000000010` என்ற வரி எண்ணோடும் `004` என்ற வகைக் குறியீட்டோடும் அனுப்ப வேண்டும். நடுவில் ஒரு வாடிக்கையாளர் திரும்பி வந்து "எனக்குத் தனி பில் வேண்டும்" என்று கேட்டால், அந்த விற்பனை திரட்டலிலிருந்து விலக வேண்டும். விலகாவிட்டால் ஒரே விற்பனை இரண்டு முறை கணக்கில் ஏறும். தேவை ஆவணம் என்று தனியாக எழுதியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது என்று சொல்லமாட்டேன். அக்கா அந்த ஆவணத்தை உட்கார்ந்து படித்திருப்பார் என்று மட்டும் நம்ப மாட்டேன். சோதனைப் பட்டியலை அவரோடு சேர்ந்து எழுதினால் தேவை ஆவணத்தின் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடுகிறது. இந்த அளவுத் திட்டத்தில் இரண்டையும் ஒன்றாக்கலாம்.

நிரலாளர் பக்கத்திலிருந்து வர வேண்டிய வரிகளும் உண்டு. பில்லை அனுப்பியதும் வாரியத்தின் அமைப்பு உடனே ஒரு பதில் தரும், அதில் `acceptedDocuments` என்ற பட்டியல் இருக்கும். அவசரத்தில் எழுதும் நிரல் இதையே வெற்றி என்று எடுத்துக்கொண்டு திரையில் பச்சை விளக்கைக் காட்டிவிடும். உண்மையில் அது பில் கைக்கு வந்தது என்பதற்கான ஒப்புகை மட்டுமே. சரிபார்ப்பு அதன் பிறகுதான் நடக்கிறது. முடிவை மறுபடி கேட்டு வாங்க வேண்டும்: `Valid` அல்லது `Invalid`. இந்த வேறுபாட்டைச் சோதிக்கும் வரி பட்டியலில் இல்லையென்றால், செல்லாத பில்கள் நாள்கணக்கில் யாருக்கும் தெரியாமல் குவியும். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. `Valid` என்பது வடிவமும் வரி எண்ணும் குறியீடுகளும் சரி என்று சொல்கிறது. மூட்டைக்கு என்ன விலை என்று வாரியத்துக்குத் தெரியாது. தள்ளுபடி இரண்டு முறை கழிந்த பில்லும் அழகாக `Valid` ஆகும். அதைப் பிடிக்க அக்காவின் கண் தேவை: பழைய மென்பொருளில் போன மாதம் போட்ட உண்மையான பில்களை எடுத்து, சோதனைச் சூழலில் ஓட்டி, தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, உண்மைச் சூழலுக்கு மாறும் நாளுக்கான ஒரு பக்கம். 72 மணி நேர வரம்புதான் இந்தப் பக்கத்தை வடிவமைக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை மாறினால் வார இறுதியில் யாரும் பார்க்காமலே அந்த வரம்பின் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆகவே வாரத் தொடக்கத்தில் மாற வேண்டும். முதல் நாள் நன்கு பழகிய இரண்டு மூன்று வாடிக்கையாளர்களின் பில்கள் மட்டும். மாலையில் அக்கா ஒவ்வொன்றையும் பார்ப்பார். தவறு கண்டால் யார் ரத்து செய்வது, எத்தனை மணிக்குள், இணைப்பு விழுந்தால் வலைத்தளத்தில் கையால் பதிவது யார் என்று பெயரோடு எழுதியிருக்க வேண்டும். முழுத் திட்டத்துக்கும் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்ட இடர்ப் பதிவேடு தேவையில்லை. ஆனால் திரும்பப் பெற முடியாத செயல் எங்கே தொடங்குகிறதோ, அந்த இடத்துக்கு மட்டும் இடர்த் திட்டம் முழுமையாக வேண்டும்.

நான்காவது, ஒப்படைப்புப் பக்கம். சிறிய திட்டங்களில் அதிகம் விடுபடுவது இதுதான். குழு கலைந்த பிறகும் கடை ஓடிக்கொண்டிருக்கும். மைஇன்வாய்ஸ் இணைப்புக்கு அடையாள எண்ணும் ரகசியச் சாவியும் தேவை, சாவிக்குக் காலாவதித் தேதி உண்டு. பில்லில் கையொப்பமிடும் மின்னியல் சான்றிதழுக்கும் காலாவதித் தேதி உண்டு. அந்தத் தேதிகள் குழுத் தலைவரின் கைப்பேசி நாட்காட்டியில் மட்டும் இருந்தால், ஒரு நாள் காலையில் எல்லா பில்களும் நின்றுபோகும், ஏன் என்று கடையில் யாருக்கும் தெரியாது. திட்டத்தில் கற்ற பாடங்களின் அறிக்கையை விட்டுவிடுங்கள், மூவரும் தேநீர் குடிக்கும்போது பேசிக்கொள்ளட்டும். இந்தப் பக்கத்தை எழுதி முதலாளியிடமும் அக்காவிடமும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள்.

ஆக, கையில் மிஞ்சியவை ஐந்து: நோக்கத்தையும் எல்லையையும் சொல்லும் பக்கம், முடிவுக் கோப்பு, சோதனைப் பட்டியல், மாறும் நாளின் பக்கம், ஒப்படைப்புப் பக்கம். கூட்டம் என்றால் வாரம் ஒரு கடைப் பயணம், சோதனை வாரங்களில் அக்காவோடு சில மணி நேரம். இங்கே நாம் 26 ஆவணங்களை விரித்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்படிச் செய்தால் எதையும் நீக்க யாருக்கும் மனம் வராது. நீக்கினால் பின்னால் பழி வருமோ என்ற பயத்தில் எல்லாம் தங்கிவிடும், தங்கியதெல்லாம் பெயருக்கு நிரப்பப்படும். வெற்று மேசையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு ஆவணத்தையும் சேர்க்கும் முன் "இது எந்தத் தவறைப் பிடிக்கும், யார் இதைத் திறந்து பார்ப்பார்" என்று கேட்பது எளிது.

விட்டவற்றையும் அரைப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்: எதை விட்டோம், ஏன், என்ன நடந்தால் திரும்பக் கொண்டுவருவோம். உதாரணமாக, "நிலை அறிக்கை இல்லை, முதலாளி வாரம் ஒருமுறை நேரில் பார்ப்பதால். அவர் இரண்டு வாரம் தொடர்ந்து வராவிட்டால் எழுத்தில் அனுப்புவோம்." "தினசரிக் கூட்டம் இல்லை. மூவரும் ஒரே அறையில். நான்காவது ஆள் சேர்ந்தாலோ ஒருவர் வேறு ஊருக்குப் போனாலோ தொடங்குவோம்." "பட்டர்வொர்த் கிளையும் சேர்ந்தால் எல்லைப் பக்கத்தையும் சோதனைப் பட்டியலையும் மறுபடி எழுதுவோம்." நிபந்தனை எழுதப்படாத இடத்தில், நிலைமை மாறிய பிறகும் பழைய ஏற்பாடே ஓடிக்கொண்டிருக்கும்.

அதிகம் வெட்டிவிட்டோமா என்பதை வேலையின் நடுவிலேயே கண்டுகொள்ளலாம். ஒரே கேள்வி இரண்டாம் முறை எழுகிறது. இருவர் இரண்டு விடை சொல்கிறார்கள். ஒருவர் தைப்பூசத்துக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்தால் அவர் பகுதி வேலை அப்படியே நிற்கிறது. அக்கா சோதனையில் கண்டது குழுவுக்குப் புதிய செய்தியாக இருக்கிறது. குறைவாக வெட்டினோம் என்பதற்கும் அடையாளம் உண்டு. எழுதிய நாளுக்குப் பிறகு யாரும் திறக்காத கோப்பு, படித்தவர் ஒரு கேள்விகூடக் கேட்காத அறிக்கை, எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பச் சொல்லும் கூட்டம். கோப்பைக் கடைசியாகத் திறந்த தேதியைக் கணினியே காட்டும், அதைப் பார்த்தாலே போதும்.

நம் விருப்பத்துக்கு விட முடியாத இடங்களும் உண்டு. அரசாங்க ஒப்பந்தத்தில் இன்ன ஆவணம் தர வேண்டும் என்று எழுதியிருந்தால் அது பேரத்துக்குரியது அல்ல. வாடிக்கையாளர் வங்கியாக இருந்தால், தொழில்நுட்ப இடர் பற்றிய பேங்க் நெகாராவின் விதிகள் வங்கியைக் கட்டுப்படுத்தும், வங்கி அதை உங்கள் தலையில் இறக்கும். நிறுவனம் ஐஎஸ்ஓ 9001 சான்று பெற்றிருந்தால் தணிக்கையாளர் சில பதிவுகளைக் கேட்பார். அப்போதும் கேட்பது எது என்று வாசகத்தைப் படித்துப் பாருங்கள். பல இடங்களில் அவர்கள் கேட்பது சான்றுதான், குறிப்பிட்ட வார்ப்புரு அல்ல. அக்கா கையொப்பமிட்டுத் தேதி போட்ட சோதனைப் பட்டியல் தர மேலாண்மைத் திட்டத்தின் இடத்தில் நிற்க முடியுமா என்று தணிக்கையாளரிடம் ஆரம்பத்திலேயே கேட்டுவிடலாம். முடியாது என்றால் அந்த ஆவணத்துக்கான நாள்களை விலையில் சேர்த்துக்கொள்ள அப்போது இன்னும் நேரம் இருக்கும்.